பிளாக் அஸ்ஸே: ஃபேஜை எண்ணுவதும் டைட்டர் கணக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். ஒரு மி.லி.யில் அது எத்தனை இருக்கிறது என்பதே டைட்டர். எல்லாக் கணக்குக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: ஈ. கோலை பி இனத்தில் வளர்த்த டி4 ஃபேஜின் லைசேட், அதாவது ஃபேஜ் செல்களை உடைத்து வெளியே வந்து கிடக்கும் திரவம். வேறு ஃபேஜ் வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கண்ணுக்கே தெரியாத ஃபேஜை, தட்டில் விழும் ஓட்டையை வைத்து எப்படி எண்ண முடியும்?

ஒரு ஃபேஜ் ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைகிறது. டி4 என்றால் 37 டிகிரியில் ஏறத்தாழ 25 நிமிடத்தில் அந்தச் செல் உடைந்து, நூற்றுக்கு மேற்பட்ட புது ஃபேஜ்கள் வெளியே வரும். திரவத்தில் இருந்தால் அவை எங்கும் பரவிவிடும். மென்மையான அகாருக்குள் சிக்கியிருப்பதால் தூரம் போக முடியாது, பக்கத்தில் இருக்கும் செல்களையே தாக்கும். இதே சுற்று சில முறை நடந்தால், மங்கலான பாக்டீரியப் படலத்தின் நடுவே ஒரு தெளிந்த வட்டம் தெரியும். அதுதான் பிளாக்.

ஒரு பிளாக்குக்கு ஒரு ஃபேஜ் போதும் என்பதற்கு ஆதாரம் நேர்கோடு. ஃபேஜைப் பாதியாக நீர்த்தால் பிளாக்கும் பாதியாகிறது. ஒரு பிளாக் உண்டாக இரண்டு ஃபேஜ் தேவைப்பட்டிருந்தால் அது கால் பங்காகக் குறைந்திருக்கும். பிளாக்கை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான டெரெல் 1917-லேயே, பிளாக்குகள் தனித்தனிப் புள்ளிகளாக விழுவதை வைத்து ஃபேஜ் ஒரு துகள் என்று வாதாடினார். எல்லிஸும் டெல்புரூக்கும் 1939-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த நேர்கோட்டை அளந்தே காட்டினார்கள். நாம் இன்று போடும் கணக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

தட்டு போடும் முறையை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்களேன்.

அடியில் 1.5 சதவீத அகார் கலந்த எல்.பி. தட்டு. முந்தைய நாளே ஊற்றி, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து மேற்பரப்பு ஈரத்தை உலர்த்திவிடுங்கள். ஈரமான தட்டில் மேல் அகார் வழுக்கும், பிளாக்குகள் வால் முளைத்த மாதிரி இழுபடும்.

மேலே ஊற்றுவது 0.6 சதவீத அகார். அதை உருக்கி, குழாய்க்கு 3 மி.லி. வீதம் ஊற்றி, 45 முதல் 48 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு சின்னக் குழாயில் இரவு முழுக்க வளர்ந்த ஈ. கோலை 0.2 மி.லி., நீர்த்த ஃபேஜ் 0.1 மி.லி. இரண்டையும் கலந்து 10 நிமிடம் விடுங்கள். ஃபேஜ் செல்லில் ஒட்டிக்கொள்வதற்கான நேரம் அது. அப்புறம் இந்தக் கலவையை மேல் அகாரில் சேர்த்து, குமிழி வராமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, உடனே தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பரப்புங்கள். இறுகப் பத்து, பதினைந்து நிமிடம். பிறகு தலைகீழாக 37 டிகிரி இன்குபேட்டருக்குள். டி4 பிளாக் அன்று மாலையே தெரியும். மறுநாள் காலையில் எண்ணலாம்.

அந்த 10 நிமிடத்தை டீ குடிக்கப் போய் அரை மணி நேரமாக்கிவிடாதீர்கள். முதலில் நுழைந்த ஃபேஜ்கள் அதற்குள் செல்லை உடைத்து வெளியே வந்துவிட்டால், ஒரு ஃபேஜ் நூறு பிளாக்காக எண்ணப்படும். டி7 டி4-ஐ விட வேகமானது, அதற்கு இன்னும் கவனம் தேவை.

லாம்டா ஃபேஜ் என்றால் பாக்டீரியாவை மால்டோஸ் கலந்த ஊடகத்தில் வளர்த்து, மெக்னீசியமும் சேர்க்க வேண்டும். லாம்டா ஒட்டிக்கொள்ளும் புரதம் மால்டோஸ் இருந்தால்தான் செல்லின் மேல் போதிய அளவு வரும்.

எத்தனை தடவை நீர்க்கணும்? எதில் நீர்க்கணும்?

நல்ல டி4 லைசேட்டில் மி.லி.க்கு 10¹⁰ அளவில் ஃபேஜ் இருக்கும். தட்டுக்கு 100, 200 பிளாக் வேண்டும், போடுவது 0.1 மி.லி. அப்படியென்றால் 10⁻⁷ பக்கம் போக வேண்டும். லைசேட் எப்படி என்று தெரியாவிட்டால் 10⁻⁵ முதல் 10⁻⁸ வரை நான்கையும் தட்டில் போட்டுவிடுங்கள்.

வழக்கமான முறை: 900 மைக்ரோலிட்டர் பஃபரில் 100 மைக்ரோலிட்டர், வோர்டெக்ஸ், புது டிப், அடுத்த குழாய். இப்படி எட்டு படி இறங்கினால் 10⁻⁸. இதையே 9.9 மி.லி.யில் 0.1 மி.லி. என்று செய்தால் நான்கே படியில் அங்கே போய்விடலாம். படி குறைந்தால் பிழையும் குறையும். பிப்பெட் ஒவ்வொரு முறையும் 3 சதவீதம் குறைவாக எடுக்கிறது என்று வையுங்கள். எட்டுப் படி முறையில் டைட்டர் 20 சதவீதம் குறைந்து தெரியும், நான்கு படியில் 11 சதவீதம்தான். பஃபர் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

வெறும் காய்ச்சி வடித்த நீரில் நீர்க்காதீர்கள். உப்பும் மெக்னீசியமும் உள்ள எஸ்.எம். பஃபர் வேண்டும். உப்பில்லாத நீரில் பல ஃபேஜ்கள் செயலிழக்கின்றன. அதுவும் நீர்க்க நீர்க்கக் கூடுதலாகக் குறையும் என்பதால் பார்த்தவுடன் காரணம் பிடிபடாது.

இன்னொன்று. “பத்தில் ஒன்று” என்றால் மொத்தம் பத்து பங்கில் ஒரு பங்கு. 1 மி.லி. பஃபரில் 0.1 மி.லி. போட்டால் அது பதினொன்றில் ஒன்று. ஒரு படியில் இது சின்ன விஷயம்தான், ஆனால் எட்டுப் படி இறங்கினால் நீங்கள் நினைத்த 10⁸ மடங்குக்குப் பதில் 2.14 × 10⁸ மடங்கு நீர்த்திருப்பீர்கள். குறிப்பேட்டில் எழுதும் டைட்டர் உண்மையில் பாதிக்கும் குறைவாக இருக்கும். தட்டு அழகாக இருக்கும், இரண்டு தட்டும் ஒத்துப்போகும், யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

சரி, எண்ணிட்டேன். டைட்டர் கணக்கு எப்படிப் போடுவது?

நமது உதாரணத்தில் நீர்த்தலுக்கு இரண்டு தட்டு போட்டிருக்கிறோம். கிடைத்தவை:

10⁻⁵: பெரும்பாலும் வெளுத்துவிட்டது, அங்கங்கே படலம்
10⁻⁶: நெருக்கம், எண்ண முடியாது
10⁻⁷: 212, 198
10⁻⁸: 23, 19

சூத்திரம் இது. N பிளாக் எண்ணிக்கை, D நீர்த்தல், V தட்டில் போட்ட அளவு மி.லி.யில்.

```
PFU/ml = N / (D × V)
```

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விட கீழே இருக்கும் D × V என்ன என்று புரிந்துகொள்வது நல்லது. அது தட்டில் உண்மையில் விழுந்த மூல லைசேட்டின் அளவு. 10⁻⁷ குழாயிலிருந்து 0.1 மி.லி. போட்டோம். அந்த 0.1 மி.லி.க்குள் இருந்த மூல லைசேட் 0.1 × 10⁻⁷, அதாவது 10⁻⁸ மி.லி. மட்டுமே. அந்தத் துளியூண்டு லைசேட்டிலிருந்து சராசரியாக 205 பிளாக் வந்திருக்கிறது. அப்படியானால் முழு 1 மி.லி.யில் எவ்வளவு?

```
205 / (1e-7 × 0.1) = 2.05e10 PFU/ml
```

மி.லி.க்கு 2.05 × 10¹⁰ பி.எஃப்.யூ., அதாவது பிளாக் உண்டாக்கும் அலகு. 10⁻⁸ தட்டுகளின் சராசரி 21. அதே வழியில் 2.1 × 10¹⁰ வருகிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன, நீர்த்தல் ஒழுங்காக நடந்திருக்கிறது.

தேர்வுத் தாளில் அதிகம் பார்க்கும் தவறு V-ஐ மறப்பது. 205 × 10⁷ என்று எழுதி நிறுத்தினால், அது 0.1 மி.லி.க்கான கணக்கு. விடை பத்து மடங்கு குறைந்துபோகும்.

மேல் அகார் 3 மி.லி., பாக்டீரியா 0.2 மி.லி. சேர்த்தோமே. அதுவும் நீர்த்தல்தானே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

வேண்டாம். குழாயிலிருந்து 0.1 மி.லி. எடுத்து அடுத்த குழாய்க்குக் கொண்டுபோகும்போது மீதி ஃபேஜ் பழைய குழாயிலேயே நின்றுவிடுகிறது, அதனால் அது நீர்த்தல். மேல் அகாரில் கலப்பது அப்படியல்ல. கலந்த முழுவதையும் தட்டில் ஊற்றுகிறோம், 0.1 மி.லி.யில் இருந்த ஒவ்வொரு ஃபேஜும் தட்டுக்கு வந்துவிடுகிறது. 3 மி.லி. அகாருக்குப் பதில் 4 மி.லி. ஊற்றினாலும் எண்ணிக்கை மாறாது. தட்டில் விழுந்த மூல லைசேட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள், குழப்பம் தீரும்.

பெரிய துண்டுகளாக அகார் குழாயிலேயே ஒட்டிக்கொண்டால் மட்டும் கணக்கு உதைக்கும், ஏனென்றால் அங்கே ஃபேஜும் தங்கிவிடுகிறது. அகார் ஆறிப்போய்க் கட்டி கட்டியாக விழுந்த தட்டை எண்ணாதீர்கள்.

10⁻⁷-லும் பிளாக் இருக்கு, 10⁻⁸-லும் இருக்கு. எந்தத் தட்டை வைத்துக் கணக்கு போட?

பாடப்புத்தகம் 30 முதல் 300 வரை உள்ள தட்டை மட்டும் எடு என்று சொல்லும். அப்படிச் செய்தால் 10⁻⁷ மட்டும் போதும், 2.05 × 10¹⁰ என்று எழுதிவிடலாம். தவறில்லை.

ஆனால் இரண்டு நீர்த்தலின் டைட்டரையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து அவற்றின் சராசரியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். 21 பிளாக் உள்ள தட்டுக்கும் 205 பிளாக் உள்ள தட்டுக்கும் சம மதிப்பு கொடுப்பதாகிவிடும். எல்லாத் தட்டையும் பயன்படுத்த வேண்டும் என்றால், பிளாக்குகளை மொத்தமாகக் கூட்டி, தட்டுகளில் விழுந்த மூல லைசேட்டையும் மொத்தமாகக் கூட்டி, ஒரே ஒரு முறை வகுங்கள்.

பிளாக்: 212 + 198 + 23 + 19 = 452. லைசேட்: 10⁻⁷-ல் இரண்டு தட்டு, தட்டுக்கு 10⁻⁸ மி.லி.; 10⁻⁸-ல் இரண்டு தட்டு, தட்டுக்கு 10⁻⁹ மி.லி. மொத்தம் 2.2 × 10⁻⁸ மி.லி.

```
452 / 2.2e-8 = 2.05e10 PFU/ml
```

இங்கே விடை மாறவில்லை, ஏனென்றால் உதாரணத் தட்டுகள் நல்ல பிள்ளைகள். 10⁻⁸ தட்டில் தற்செயலாக 30 விழுந்திருந்தால் இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

ஏன் 30-லிருந்து 300? யார் வைத்த எல்லை இது?

கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் காரணம் வெவ்வேறு.

கீழ் எல்லை புள்ளியியல். 0.1 மி.லி.க்குள் எத்தனை ஃபேஜ் வந்து மாட்டும் என்பது தற்செயல், அது பாய்சான் பரவலின்படி நடக்கும். அதில் எண்ணிக்கையின் திட்ட விலக்கம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். 25 பிளாக் என்றால் விலக்கம் 5, அதாவது 20 சதவீதம். 100 என்றால் 10 சதவீதம். 225 என்றால் 15, கிட்டத்தட்ட 7 சதவீதம். உங்கள் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த ஆட்டம் போகாது. அதிகம் எண்ணினால்தான் குறையும். நமது 452 பிளாக்குக்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 21. அதன் இரண்டு மடங்கை எடுத்தால் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக 95 சதவீத எல்லை சுமார் 1.9 முதல் 2.2 × 10¹⁰. பிப்பெட் பிழை இதற்கு மேல் தனி. இந்த நிலையில் யாராவது 2.0545 × 10¹⁰ என்று எழுதினால் கடைசி மூன்று இலக்கமும் வெறும் அலங்காரம். 2.1 × 10¹⁰ போதும்.

மேல் எல்லை இடப் பற்றாக்குறை. 90 மி.மீ. பெட்ரி தட்டின் உள்பரப்பு ஏறத்தாழ 5,800 சதுர மி.மீ. டி4 பிளாக் சுமார் 1 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பிளாக்கின் மையங்கள் 1 மி.மீ.க்குள் வந்தால் அவை தொட்டுக்கொள்ளும். 300 பிளாக் உள்ள தட்டில் ஒரு பிளாக்குக்கு அப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருக்க வாய்ப்பு சுமார் 15 சதவீதம். எட்டு என்ற எண் போலத் தெரியும் ஜோடிகளைப் பிரித்து எண்ணிவிடலாம். முழுக்கப் படிந்தவை ஒன்றாகவே எண்ணப்படும். எனவே நெருக்கமான தட்டு எப்போதும் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது.

இதே கணக்கை 5 மி.மீ. பிளாக் போடும் டி7-க்குப் போட்டுப் பாருங்கள். 300 பிளாக் தட்டில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக நான்கு பேர் மேலே விழுந்துகொண்டிருப்பார்கள், எண்ணவே முடியாது. 50 பிளாக்கிலேயே பாதிப் பிளாக்குகள் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே 300 என்பது பிளாக்கின் அளவைப் பார்த்து மாற்ற வேண்டிய எண். என் கருத்தில் இதை எல்லா ஃபேஜுக்கும் பொதுவான சட்டமாகச் சொல்லிக்கொடுப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். டி7 தட்டை மூன்று நான்கு மணி நேரத்திலேயே, பிளாக் சின்னதாக இருக்கும்போது எண்ணிவிடுங்கள். படலம் முதிர்ந்தால் டி4 பிளாக் வளர்வதை நிறுத்திவிடும், டி7 நிறுத்தாது. ராத்திரி முழுக்க விட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஒரே குழாயிலிருந்து போட்ட இரண்டு தட்டில் எண்ணிக்கை வேற வேற வருது. எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் பரவாயில்லை?

இரண்டு எண்ணிக்கையையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். வித்தியாசம் அதைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 212, 198: கூட்டினால் 410, வர்க்கமூலம் 20. வித்தியாசம் 14 மட்டுமே.

150, 260 என்று வந்திருந்தால்? கூட்டல் அதே 410, ஆனால் வித்தியாசம் 110. ஐந்து மடங்குக்கும் மேல், தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குழாயைச் சரியாகக் கலக்காமல் எடுத்தது, டிப்பில் குமிழி, அகார் கட்டி, இவற்றில் ஒன்று நடந்திருக்கும். அந்த இரண்டின் சராசரி 205 என்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது சரியான தட்டு என்று நமக்குத் தெரியாத நிலையில் சராசரி அந்தப் பிரச்சினையை மறைக்கத்தான் செய்யும். திரும்பப் போடுங்கள்.

பத்து மடங்கு நீர்த்தால் பிளாக் பத்தில் ஒன்றாக வரணும். எனக்கு வரலை.

எந்தப் பக்கம் தவறுகிறது என்று பாருங்கள்.

கூடுதல் நீர்த்த தட்டிலிருந்து கணக்கிட்ட டைட்டர் அதிகமாக வந்தால், இரண்டு காரணங்கள். ஒன்று, குறைவாக நீர்த்த தட்டு நெருக்கமாகி எண்ணிக்கை குறைந்திருக்கும். கண்ணால் பார்த்தாலே தெரியும். இன்னொன்று டிப்பை மாற்றாமல் விட்டது. டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டிய லைசேட் அடுத்த குழாய்க்குப் போகிறது. படிக்கு 5 மைக்ரோலிட்டர் இப்படிக் கூடுதலாகப் போனாலும் எட்டாவது படியில் ஃபேஜ் 40 சதவீதம் அதிகமாக இருக்கும். நெருக்கப் பிழை அடர்ந்த தட்டில் மட்டும் தெரியும், டிப் பிழை படிக்குப் படி சீராக ஏறும். வித்தியாசம் கண்டுபிடிக்க அது போதும்.

கூடுதல் நீர்த்த தட்டில் டைட்டர் குறைந்தால் பஃபரைச் சந்தேகப்படுங்கள், அல்லது குழாய்களை மேசையில் நெடுநேரம் விட்டிருப்பீர்கள். நீர்த்த ஃபேஜ் நிலையானதல்ல, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டும் வீணாகும். பஃபரில் கொஞ்சம் ஜெலட்டின் சேர்ப்பது இதற்காகத்தான்.

அதற்கு முன் ஒன்று: 10⁻⁸ தட்டில் 21-க்குப் பதில் 15 வந்தது என்பதற்காக இவ்வளவு துப்பறிய வேண்டியதில்லை. 21-ன் வர்க்கமூலம் நாலரை. 15 என்பது சாதாரண ஆட்டம்.

தட்டு முழுக்கத் தெளிவா இருக்கு. ஃபேஜ் எல்லாத்தையும் அழிச்சிருச்சா, இல்ல பாக்டீரியாவே வளரலையா?

அந்தத் தட்டை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் ஃபேஜ் இல்லாமல், வெறும் பஃபர் 0.1 மி.லி. போட்ட ஒரு தட்டு கண்டிப்பாக வேண்டும். அதில் படலம் ஒரே சீராக வந்திருந்தால் பாக்டீரியா நலம். அதுவும் காலியாக இருந்தால் மேல் அகார் சூடாக இருந்து செல்களைக் கொன்றிருக்கும். குழாயைக் கையில் பிடித்தால் சுடவே கூடாது, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

நமது லைசேட்டில் 10⁻⁴ தட்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் ஃபேஜ் போகிறது. அங்கே முழுத் தெளிவுதான் எதிர்பார்ப்பு. அப்படிப்பட்ட தட்டை இன்னொரு நாள் விட்டால் தனித்தனிக் காலனிகள் எழுந்து நிற்கலாம். அவை டி4-ஐ எதிர்க்கும் விகாரிகள். பாக்டீரியா அங்கே வளர முடிந்தது, ஃபேஜ்தான் மற்றவற்றை உடைத்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

ஒரே தட்டில் சில பிளாக் பெரிசு, சில சிறிசு. எல்லாத்தையும் எண்ணணுமா?

எண்ணுங்கள். டி4-ன் இயல்பான பிளாக் சிறியது, ஓரம் மங்கலாக இருக்கும். ஏற்கெனவே தொற்றிய செல்லை இன்னொரு டி4 தாக்கினால் அந்தச் செல் உடைவது தள்ளிப்போகிறது, ஓரம் மங்கலாவதற்குக் காரணம் அதுதான். அந்தக் குணத்தை இழந்த விகாரிகள் சீக்கிரம் உடைத்து, பெரிய, கூரான ஓரம் கொண்ட பிளாக் போடும். 1940-களில் ஹெர்ஷி ஆராய்ந்த ஆர் விகாரிகள் இவை. லைசேட்டில் இவை ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். தட்டில் பாதி அப்படி என்றால் உங்கள் லைசேட் கலப்படம். தனிப் பிளாக்கைக் குத்தி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

லாம்டாவின் பிளாக் நடுவில் மங்கலாக இருப்பது வேறு கதை. ஃபேஜ் தன் மரபணுவைச் செல்லின் மரபணுவோடு சேர்த்துவிட்டதால் பிழைத்த செல்கள் நடுவே வளர்கின்றன. அதுவும் ஒரு பிளாக்தான்.

ஒவ்வொரு நீர்த்தலுக்கும் ஒரு தட்டு வீணாகுது. ஒரே தட்டில் சொட்டுச் சொட்டா வைக்கலாமா?

வைக்கலாம். பாக்டீரியா கலந்த மேல் அகாரை முதலில் ஊற்றி இறுகவிட்டு, ஒவ்வொரு நீர்த்தலிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் சொட்டு. V இப்போது 0.01 மி.லி., இதை மாற்ற மறக்காதீர்கள். சொட்டுக்குள் பத்து, இருபது பிளாக்குக்கு மேல் எண்ண முடியாது என்பதால் தோராய மதிப்புதான் கிடைக்கும். அதை வைத்து மறுநாள் சரியான நீர்த்தலை மட்டும் முழுத் தட்டில் போடலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. அடர்ந்த டி4 சொட்டு, பெருகாமலேயே செல்களை உடைக்கும். நூற்றுக்கணக்கான ஃபேஜ் ஒரே நேரத்தில் செல் சுவரைக் குத்தினால் அது தாங்காது. முதல் இரண்டு சொட்டு தெளிந்து, மூன்றாவதில் திடீரென ஒன்றுமில்லை என்றால் அந்த இனத்தில் ஃபேஜ் வளரவே இல்லை என்றும் இருக்கலாம். நீர்க்க நீர்க்கத் தெளிவு உடைந்து தனித்தனிப் பிளாக்காகப் பிரிந்தால்தான் டைட்டர் என்று ஏதாவது எழுத முடியும்.

நீர்க்காமலே போட்டும் ஒரு பிளாக்கும் இல்லை. டைட்டர் பூஜ்யம்னு எழுதலாமா?

கூடாது. நீங்கள் பார்த்தது 0.1 மி.லி. மட்டும். மி.லி.க்கு 10-க்கும் குறைவு என்று பலர் எழுதுவார்கள். பாய்சான் கணக்கில் கறாராகச் சொன்னால், சராசரி 3 இருக்கும்போதுகூட ஒன்றுமே விழாமல் போக 5 சதவீத வாய்ப்பு உண்டு. எனவே 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது மி.லி.க்கு 30-க்கும் குறைவு என்பதே.

2.1 × 10¹⁰ பி.எஃப்.யூ. என்றால் 2.1 × 10¹⁰ ஃபேஜ் என்றுதானே அர்த்தம்?

அவ்வளவு ஃபேஜாவது இருக்கிறது என்று அர்த்தம். வால் உடைந்தது, காலித் தலை, ஒட்டிக்கொள்ளாமல் போனது எதுவும் பிளாக் போடாது. நான்கு ஃபேஜ் ஒட்டிக் கட்டியாக இருந்தால் ஒரே பிளாக். டி4 போன்ற ஃபேஜ்களுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிய துகளும் பிளாக்கும் ஓரளவு நெருங்கி வரும். எல்லா ஃபேஜும் அப்படியல்ல.

இன்னும் பெரிய விஷயம், எந்த பாக்டீரியாவில் போட்டீர்கள் என்பது. ஈ. கோலை சி இனத்தில் வளர்த்த லாம்டாவை கே இனத்தில் போட்டால், சி-யில் கிடைத்த எண்ணிக்கையில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளாக் வரும். கே-யின் வெட்டு நொதி உள்ளே வந்த மரபணுவைத் துண்டாக்கிவிடுகிறது. ஃபேஜ் அதேதான், குழாய் அதேதான். ஆகவே இனத்தின் பெயர் இல்லாத டைட்டருக்கு அர்த்தமில்லை. இரண்டு இனத்தில் கிடைத்த டைட்டர்களை ஒன்றால் ஒன்றை வகுத்தால் வருவதைத்தான் தட்டில் வளரும் திறன் என்று குறிப்பிடுகிறோம்.

டைட்டர் தெரிஞ்சாச்சு. எம்.ஓ.ஐ. 0.1 வேணும்னா எவ்வளவு லைசேட் ஊத்தணும்?

10 மி.லி. வளர்ப்பு, மி.லி.க்கு 2 × 10⁸ செல் என்று வையுங்கள். மொத்தம் 2 × 10⁹ செல். எம்.ஓ.ஐ. என்பது ஒரு செல்லுக்கு எத்தனை ஃபேஜ் என்ற விகிதம். செல்லுக்கு 0.1 ஃபேஜ் வேண்டும், அதாவது 2 × 10⁸ பி.எஃப்.யூ.

```
2e8 / 2.1e10 = 0.0095 ml
```

9.5 மைக்ரோலிட்டர். இவ்வளவு சின்ன அளவை நேராக எடுப்பதை விட, லைசேட்டைப் பத்து மடங்கு நீர்த்து 95 மைக்ரோலிட்டர் ஊற்றுங்கள். லைசேட் குப்பியின் மேல் டைட்டரோடு தேதியையும் இனத்தின் பெயரையும் எழுதி 4 டிகிரியில் வையுங்கள். மாதக்கணக்கில் கிடந்த குப்பி என்றால் மேலே எழுதியிருக்கும் எண்ணை நம்பி எம்.ஓ.ஐ. கணக்குப் போடாமல், 10⁻⁶, 10⁻⁷ இரண்டையும் மட்டும் மறுபடி தட்டில் போட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.